எடை இறங்கிக்கொண்டே இருக்கிறது: நடுவில் எந்த அளவு வாங்குவது, எதைப் பிடித்துத் தைப்பது?

கோவைக் கவிதா

எல்லோருக்கும் வணக்கம். டாக்டர் மேற்பார்வையில் எடை குறைத்துவருகிறேன். 86 கிலோவில் தொடங்கினேன், இப்போது 78. மாதம் 2 கிலோ என்று நிதானமாக இறங்குகிறது. 68 வரை போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் கேள்வி எடையைப் பற்றியது இல்லை, துணியைப் பற்றியது.

பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் சேலை, மற்ற நாள்களில் சுடிதார். பீரோவில் இருக்கும் குர்த்தி எல்லாம் 3 எக்ஸ்எல். போட்டால் தொளதொள என்று தொங்குகிறது. இப்போது டபுள் எக்ஸ்எல் வாங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் அதுவும் பெரிதாகிவிடும், அப்புறம் எக்ஸ்எல், அப்புறம் எல் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு செட் வாங்க சம்பளம் போதாது. வீட்டுப் பக்கத்தில் தைக்கிற அக்கா, "கொண்டு வாங்க, எக்ஸ்ட்ரா துணியை வெட்டி ஓவர்லாக் போட்டுத் தர்றேன்" என்கிறார். வெட்டலாமா என்று பயமாக இருக்கிறது.

அளவு சொல்கிறேன். மார்பு 44½ இருந்தது, இப்போது 42. இடுப்பு 41 இருந்தது, இப்போது 37½. இதற்கு நடுவில் தை மாதம் தம்பி கல்யாணம். இன்னும் நான்கு மாதம்கூட இல்லை. பட்டுச்சேலைக்கு ஆரி வேலை செய்த ஜாக்கெட் தைக்க வேண்டும். எந்த அளவில் தைப்பது?

தேன்மொழி

வாழ்த்துகள் கவிதா! இரவில் சாதத்தை நிறுத்திவிட்டு கொள்ளு சூப் குடித்துப் பாருங்கள், சட்டென்று குறையும். நீங்கள் என்ன டயட் எடுக்கிறீர்கள்? சார்ட் இருந்தால் போடுங்களேன்.

கோவைக் கவிதா

தேன்மொழி, சட்டென்று குறைந்தால் என் துணிப் பிரச்சினை இன்னும் பெரிதாகிவிடும் :) டயட்டுக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே எழுதுகிறேன்.

ரமேஷ் வேலூர்

நானும் இதே படகில்தான். வங்கி வேலை, தினமும் ஃபார்மல்ஸ். பேன்ட் இடுப்பு 38 போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது 36க்கு வந்துவிட்டேன்.

என் யோசனை இரண்டு. ஒன்று, நடுவில் எதுவும் வாங்காதீர்கள். கடைசியில் என்ன அளவு வருமோ அதைத் தள்ளுபடியில் இப்போதே வாங்கி பீரோவில் வைத்துவிடுங்கள். நான் 32 இடுப்பில் இரண்டு பேன்ட் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு, இப்போது இருக்கிற குர்த்தியைப் பிடிக்கக் கொடுங்கள். கணக்கு எளிது. மொத்தம் 3 இஞ்ச் குறைய வேண்டும் என்றால் பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் உள்ளே தைக்கச் சொல்லுங்கள்.

தராசைப் பார்க்காமல் டேப்பைப் பாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எடை அசையாமல் நின்ற மாதத்திலும் இடுப்பு குறைந்தது.

ஊசிநூல்

மதுரையில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். ரமேஷ் தம்பி டேப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த ஒன்றரை இஞ்ச் கணக்கோடு யாரும் டெய்லரிடம் போய்விடாதீர்கள். தைத்து வந்த குர்த்தி தலையில்கூட நுழையாது.

சைடு தையல் என்பது முன்துண்டும் பின்துண்டும் சேருகிற இடம். அதில் ஒன்றரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்தால் முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை, ஆக ஒரு பக்கத்திலேயே 3 இஞ்ச் போகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 6. மொத்தம் 3 இஞ்ச் குறைய வேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் முக்கால் இஞ்ச் உள்ளே தைத்தால் போதும். மொத்தக் குறைப்பை நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். டெய்லரிடம் "இத்தனை இஞ்ச் பிடிங்க" என்று மட்டும் சொன்னால் அவர் ஒன்று நினைப்பார், நீங்கள் ஒன்று நினைப்பீர்கள். "தைத்த பிறகு மார்புச் சுற்று இவ்வளவு இருக்க வேண்டும்" என்று முடிவு அளவைச் சொல்லுங்கள்.

கவிதா, உங்கள் 3 எக்ஸ்எல் குர்த்தி ஒன்றைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குள் வரை அளந்து சொல்ல முடியுமா? தோள் தையலுக்குத் தோள் தையல் எவ்வளவு என்பதும் வேண்டும். லேபிள் எண் எனக்கு உதவாது. ஒரு கம்பெனி உடம்பு அளவைப் போடுகிறது, இன்னொன்று துணியின் அளவைப் போடுகிறது.

கோவைக் கவிதா

அளந்துவிட்டேன் அக்கா. அக்குளுக்கு அக்குள் 24 இஞ்ச். தோளுக்குத் தோள் 16. என் தோள் அளவு 15 என்று பழைய டெய்லர் நோட்டில் எழுதியிருக்கிறது.

ஊசிநூல்

நல்லது. 24 என்றால் குர்த்தியின் சுற்று 48. உங்கள் உடம்பு 42. நடுவில் 6 இஞ்ச் காற்று. காட்டன் குர்த்திக்கு 3 இஞ்ச் இருந்தால் பொருத்தம், 5 வரை தளர்வாக இருந்தாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். 6க்கு மேல் போனால்தான் அடுத்தவர் துணியைப் போட்டதுபோலத் தெரியும்.

இப்போது உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 8 கிலோ இறங்கியதற்கு மார்பு 2½ இஞ்ச் குறைந்திருக்கிறது. இன்னும் 10 கிலோ இறங்கினால் இதே விகிதத்தில் 3 இஞ்ச் குறைந்து 39க்கு வருவீர்கள். உடம்பு எப்போதும் அதே விகிதத்தில் இறங்காது, ஆனாலும் திட்டம் போட இது போதும்.

48ஐ 45 ஆக்குங்கள். அதாவது பக்கத்துக்கு முக்கால் இஞ்ச். இன்றைக்கு 3 இஞ்ச் காற்று இருக்கும், கச்சிதம். உடம்பு 40க்கு வரும்போது 5 இஞ்ச் ஆகும், அப்போதும் போடலாம். உங்கள் வேகத்தில் இது மூன்று மாதத்துக்கு வரும். அதற்குப் பிறகு விரித்து அளந்தால் 21½ வருகிற குர்த்தியாக, சுற்று 43, வாங்குங்கள். 40 உடம்புக்கு அது 3 இஞ்ச் தளர்வு, 39க்கு 4 இஞ்ச். கடைசி வரை அதுவே ஓடும். ஆக டபுள் எக்ஸ்எல் படியை நீங்கள் வாங்கவே வேண்டாம். இருக்கிற பெரியதைப் பிடித்து அந்த இடைவெளியைக் கடந்துவிடலாம். ஒரு அளவு பிடிப்பது, அடுத்த அளவு வாங்குவது என்று போனால் செலவு பாதியாகும்.

வெட்ட மட்டும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் துணி அப்படியே இருக்கட்டும். முக்கால் இஞ்ச் துணி உள்ளே மடிந்து கிடப்பது வெளியே தெரியாது. தையலையும் கொஞ்சம் பெரிய தையலாகப் போடச் சொல்லுங்கள், பிரிக்க வேண்டி வந்தால் துணி கிழியாது.

சிவகாமி அம்மா

வெட்டக் கூடாது என்பதை நான் நூறு தடவை சொல்வேன். என் மகள் பிரசவத்துக்குப் பிறகு 12 கிலோ குறைத்தாள். எல்லா ஜாக்கெட்டையும் வெட்டிச் சிறிதாக்கினாள். அடுத்த குழந்தை வந்தது, எடையும் திரும்பி வந்தது. இருபது ஜாக்கெட்டில் ஒன்றுகூடச் சேரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் டெய்லர் சைடில் மூன்று வரிசைத் தையல் போட்டே கொடுப்பார். உடம்பு ஏறினால் உள் வரிசையைப் பிரிப்போம், இறங்கினால் இன்னொரு வரிசை போடுவோம். இப்போது எல்லாவற்றுக்கும் ஓவர்லாக் போட்டு ஓரத்தை நறுக்கிவிடுகிறார்கள்.

ரமேஷ் வேலூர்

நான்கால் வகுக்கும் கணக்கு புரிந்தது. ஆனால் கடைசி அளவை இப்போதே வாங்குவதில் என்ன தப்பு? தள்ளுபடியில் பாதி விலை.

ஜெனி (நர்ஸ்)

ரமேஷ் அண்ணா, உடம்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்காது. இடுப்பு 32க்கு வந்தாலும் தொடை அந்த அளவுக்கு இறங்கியிருக்காது, அல்லது தொடை இறங்கி இடுப்பு 33லேயே நின்றுவிடும். அதற்குள் கடையில் மாற்றிக்கொள்ளும் தேதி போய்விட்டிருக்கும். போட்டுப் பார்க்காத துணியின் விலையில் பாதி தள்ளுபடி என்றாலும் மீதிப் பாதி வீண்தான்.

கவிதா அக்காவுக்கு வேறொன்று சொல்ல வேண்டும், யாரும் தொடவில்லை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும் முன் பிராவை மாற்றுங்கள். 8 கிலோ இறங்கிய பிறகும் பழையதைத்தான் போடுகிறீர்கள் என்றால் அது கடைசி கொக்கியில் இருக்கும், முதுகுப் பட்டி மேலே ஏறி நிற்கும். கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பின்னால் ஏறியிருந்தால் முன்னால் தாங்குவது குறைந்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பிடித்துத் தைப்பதெல்லாம் சரிவராது. எலாஸ்டிக் இழுவை போய்விட்டால் போய்விட்டதுதான்.

புதிதாக வாங்கும்போது வெளிக் கொக்கியில், அதாவது ரொம்பத் தளர்வான வரிசையில் மாட்டினால் கச்சிதமாக இருப்பதை எடுங்கள். இறங்க இறங்க உள் வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு போதும், நிறைய வாங்காதீர்கள்.

ஊசிநூல்

ஜெனி சொன்னதை எங்கள் கடையில் போர்டு எழுதி மாட்டலாம். பழைய பிராவோடு அளவு கொடுத்துவிட்டு, புதியதைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் போட்டால் மார்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கிற டாட்டின் முனை வேறு இடத்தில் நிற்கும். பழி எங்கள் மேல் வரும்.

ஜாக்கெட்டுக்கு வருகிறேன். குர்த்திக்கு உள்ள தாராளம் இதற்குக் கிடையாது. ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நிற்பது, ஒரு இஞ்ச் கூடினாலே சுருங்கி நிற்கும். சைடில் பிடிப்பது சுற்றளவைக் குறைக்குமே தவிர டாட்டைத் தொடாது. மார்பு குறைந்ததும் டாட் முனையில் காற்று அடைத்ததுபோலக் குமிழ் வரும். சைடை இன்னும் இறுக்கினால் குமிழ் போகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது, அக்குள் மட்டும் வெட்டும். டாட்டைப் பிரித்து ஆழத்தைக் குறைத்துத் திரும்பப் போட வேண்டும். நான்கு டாட் ஜாக்கெட்டில் அது பாதி ஜாக்கெட் தைக்கிற வேலை. பிரின்சஸ் கட் என்றால் மார்பு வழியாக மேலிருந்து கீழே ஓடும் தையல் இருக்கிறது, அதிலேயே கால் இஞ்ச் பிடித்தால் குமிழ் அடங்கிவிடும். அதனால் இந்த நடுக் காலத்துக்குப் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தால் பிரின்சஸ் கட்டில் தையுங்கள்.

பள்ளிக்குப் போவதற்கு மட்டும் என்றால் இன்னும் எளிது. ரெடிமேடாகக் கிடைக்கும் ஸ்ட்ரெட்ச் ஜாக்கெட் கறுப்பில் ஒன்று, சந்தன நிறத்தில் ஒன்று வாங்குங்கள். பின்னல் துணி என்பதால் மூன்று நான்கு இஞ்ச் குறைவதை அதுவே சமாளிக்கும். சேலைக்கு அளவே கிடையாது, பாவாடைக்கு நாடா இருக்கிறது.

கோவைக் கவிதா

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை அக்கா. ஒரு சந்தேகம். குர்த்தியை 45 ஆக்கினாலும் தோள் 16தானே இருக்கும்? எனக்கு 15. அதை எப்படிச் சரி செய்வது?

ஊசிநூல்

சரி செய்ய வேண்டாம். பக்கத்துக்கு அரை இஞ்ச் இறங்கி நிற்பது கண்ணுக்கு உறுத்தாது. அதற்கு மேல் இறங்கினால் அந்தக் குர்த்தியை விட்டுவிடுங்கள். தோளைக் குறைக்க கையைப் பிரித்து, ஆர்ம்ஹோலைத் திரும்ப வெட்டி, கையை மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் கூலியில் புதுக் குர்த்தியே வந்துவிடும்.

தோளைவிட முக்கியமானது ஆர்ம்ஹோலின் ஆழம். பெரிய அளவில் அது கீழே இறங்கியிருக்கும். சைடில் எவ்வளவு பிடித்தாலும் மேலே ஏறாது. நீங்கள் டீச்சர், ஒரு சோதனை செய்து பாருங்கள். போர்டில் உயரத்தில் எழுதுவதுபோலக் கையைத் தூக்குங்கள். குர்த்தி முழுவதும் கையோடு சேர்ந்து மேலே போனால் ஆர்ம்ஹோல் உங்களுக்கு ஆழம். தோள் தையலில் கால் இஞ்ச் பிடித்தால் கழுத்தும் ஆர்ம்ஹோலும் அதே கால் இஞ்ச் மேலே ஏறும். அகலமான கழுத்து தோளிலிருந்து நழுவினாலும் அதே வைத்தியம்தான். அதற்கு மேல் பிடித்தால் டாட்டும் இடுப்பு வளைவும் இடம் மாறி மேலே போய்விடும்.

தைக்கும் அக்காவிடம் இதையும் சொல்லுங்கள். கை ஓரத்திலிருந்து அக்குள் வழியாக சைடு ஓபன் வரை ஒரே கோடாகத் தைக்க வேண்டும். அக்குளில் முக்கால் இஞ்ச், ஓபன் தொடங்கும் இடத்தில் மெல்ல மெல்லக் குறைந்து ஒன்றுமில்லாமல் ஆக வேண்டும். சிலர் அக்குளுக்குக் கீழே தொடங்கி நேராக இறக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கைக்கும் உடம்புக்கும் நடுவில் பை மாதிரி துணி தொங்கும், ஓபனும் பிதுங்கி விரியும்.

ரமேஷ் வேலூர்

அக்கா, ஜென்ட்ஸ் பேன்டைப் பற்றியும் சொல்லுங்களேன். என்னிடம் 38 இடுப்பில் ஆறு பேன்ட் இருக்கிறது. பெல்ட்டை இறுக்கினால் முன்னால் கொசுவம் விழுகிறது, மேனேஜர் பார்த்துச் சிரிக்கிறார்.

ஊசிநூல்

எனக்கு லேடீஸ்தான் தெரியும். வீட்டுக்காரர் ஜென்ட்ஸ் மாஸ்டர், அவர் சொல்வதை எழுதுகிறேன்.

ஃபார்மல் பேன்டில் பின்பக்கம் நடுவில், பெல்ட் பட்டியிலிருந்து கவட்டை வரை ஓடும் தையலில்தான் கூடுதல் துணி விட்டிருப்பார்கள். பட்டியையும் அந்த இடத்தில் இரண்டாகச் சேர்த்திருப்பார்கள். பிடிப்பதென்றால் அங்கேதான் பிடிக்க வேண்டும். இங்கே தையல் ஒன்றே ஒன்று, அதனால் வகுப்பது இரண்டால். 2 இஞ்ச் குறைய ஒரு இஞ்ச் உள்ளே. 38லிருந்து 36 வரை பிரச்சினை இல்லாமல் வரும். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்ட வரும், பக்கத்துத் தையல் பின்னால் திரும்பும், முன் இஸ்திரி மடிப்பு வெளிப்பக்கம் சாயும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அதற்கு மேல் பிடிக்கக் கூடாது.

அதனால் ஆறையும் பிடிக்க வேண்டாம் என்கிறார். நல்ல நிலையில் இருக்கும் மூன்றை 36 ஆக்குங்கள். 34க்கு வந்ததும் புதிதாக இரண்டு வாங்குங்கள், அதை 32 ஆக்கலாம். பீரோவில் இருக்கும் 32ஐ அப்போது போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஜீன்ஸைப் பிடிக்கக் கொண்டு வராதீர்கள் என்றும் சொல்லச் சொன்னார். பின்னால் யோக்கும் இரட்டைத் தையலும் இருப்பதால் பட்டியைக் கத்தரித்துத்தான் பிடிக்க முடியும், தடிப்பாக நிற்கும், பெல்ட் லூப்பையும் பெயர்க்க வேண்டும்.

சட்டைக்கு ஒரு எளிய வழி இருக்கிறதாம். சைடைத் தொடாமல் முதுகில் இரண்டு நீள டாட் போட்டால் தொளதொளப்பு அடங்கும். எதையும் வெட்ட வேண்டாம், வேண்டாம் என்றால் பிரித்துவிடலாம். தோள் இறங்கிய சட்டைக்கு மட்டும் இது உதவாது.

ரமேஷ் வேலூர்

மாஸ்டருக்கு நன்றி. ஆனாலும் 32 பேன்ட் வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை, அதைப் பார்த்தால்தான் இரவில் பரோட்டாக் கடைப் பக்கம் கால் போகாமல் இருக்கிறது. அது வேறு கணக்கு :)

ஜெனி (நர்ஸ்)

என் யூனிஃபார்ம் பேன்ட் எலாஸ்டிக் இடுப்பு. நான் ஒன்றுமே பிடிக்கக் கொடுக்கவில்லை. உள்பக்கம் பட்டியில் இரண்டு விரல் அளவுக்குப் பிரித்து, எலாஸ்டிக்கை வெளியே இழுத்து, வேண்டிய அளவு குறைத்து ஒட்டித் தைத்து உள்ளே விட்டுவிட்டேன். அறுத்த துண்டை ஊக்கில் மாட்டி வைத்திருக்கிறேன். பலாஸோவுக்கும் இதே வழிதான்.

கோவைக் கவிதா

இப்போது கல்யாண ஜாக்கெட்டுக்கு வருவோம். ஆரி வேலை செய்பவர் இப்போதே அளவு கேட்கிறார், முகூர்த்த மாதத்தில் நெருக்கடி அதிகம் என்கிறார். தைக்குள் இன்னும் 7 கிலோவாவது இறங்குவேன். இப்போது அளவு கொடுத்தால் தொளதொள, அப்போது வரப்போகும் அளவை ஊகித்துக் கொடுத்தால் சேராமல் போனால் என்ன செய்வது?

சிவகாமி அம்மா

நான் சொல்வதைக் கேள் கண்ணு. ஆரியே வேண்டாம். சேலையோடு வரும் ஜாக்கெட் துணியில் பார்டரைக் கையில் வைத்து, கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் தைத்துக்கொள். உடம்பு நிற்காத நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஜாக்கெட்டில் போடுவானேன்? பொண்ணு வேலை ஏற்றிய ஜாக்கெட் போடட்டும், நாத்தனார் போட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஊசிநூல்

அம்மா சொல்வது ஒரு வழி. ஆரியும் முடியாத காரியம் இல்லை. வேலையையும் தையலையும் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும்.

ஆரி வேலை வெட்டாத துணியில், ஃபிரேமில் இழுத்துக் கட்டித்தான் நடக்கும். கழுத்து, கை, முதுகு எங்கே வரும் என்று முதலில் கோடு போட்டுக் கொடுப்போம், வேலை முடிந்த பிறகுதான் வெட்டித் தைப்போம். ஆக அவருக்கு இப்போது தேவை மார்பு அளவு இல்லை, கழுத்தும் தோளும் கையும்தான். தோள் எலும்பு அளவு, அவ்வளவாக மாறாது. கழுத்தை இன்றைய அளவைவிடக் கால் இஞ்ச் குறுகலாகப் போடச் சொல்லுங்கள். மேல்மார்பு இறங்கும்போது அகலக் கழுத்து தோளை விட்டு நழுவும், அதற்கு முன்கூட்டியே காப்பு. முதுகில் நாடா வைத்தால் இன்னும் நல்லது.

கையில்தான் கவனம் வேண்டும். கைச் சுற்று குறைந்ததும் தையல் உள்ளே வரும், அப்போது மணியும் ஜர்தோசியும் தையலில் மாட்டினால் ஊசி உடையும், மணி நொறுங்கும். கைத் தையல் வரும் இரு ஓரத்திலும் ஒரு இஞ்ச் வேலை இல்லாமல் வெறுமையாக விடச் சொல்லுங்கள். அக்குள் பக்கம் என்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. பூவையோ மயிலையோ கையின் நடு மேட்டில் வைக்கச் சொல்லுங்கள், எவ்வளவு பிடித்தாலும் அது நடுவிலேயே நிற்கும். கை ஓரத்தைச் சுற்றித் தொடர்ச்சியாக வரும் டிசைன் உங்களுக்கு இந்தத் தடவை வேண்டாம்.

வெட்டித் தைப்பது கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால். முதல் ட்ரையலில் கொஞ்சம் தளர்வாகவே தைத்து, கடைசி வாரம் உள்ளே பிடிப்பேன். பட்டில் ஊசி போன இடத்தில் துளை நிற்கும். உள்ளே பிடித்தால் பழைய தையலின் துளை உள்துணியில் மறைந்துவிடும். வெளியே பிரித்தால் துளை வரிசை வெளிப்பக்கம் தெரியும். பட்டைப் பொறுத்தவரை தளர்விலிருந்து இறுக்கத்துக்குத்தான் போக வேண்டும், இறுக்கத்திலிருந்து தளர்வுக்கு இல்லை. சைடில் ஒரு இஞ்சுக்குக் குறையாமல் துணி விடச் சொல்வதை மறக்காதீர்கள், லைனிங்கிலும் விட வேண்டும். மேல்துணியில் விட்டுவிட்டு லைனிங்கை ஒட்ட வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சிவகாமி அம்மா

மூன்று வாரம் முன்னால் தைத்துத் தருவதாகச் சொல்லும் டெய்லர், முகூர்த்த மாதத்தில் முதல் நாள் ராத்திரிதான் தருவார். உன்னைச் சொல்லவில்லை அம்மா ஊசிநூல், பொதுவாகச் சொல்கிறேன். கடைசி வாரம் பிடிக்க ஆள் இருக்க மாட்டார். நான் இன்னும் ஆரி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஊசிநூல்

அது உண்மைதான், மறுக்க மாட்டேன். கடைசி வாரம் சைடு பிடிக்கும் வேலையை வீட்டுப் பக்கத்தில் தைக்கிற அக்காவே செய்துவிடுவார், கைப்பகுதியில் வெறும் ஓரம் விட்டிருந்தால் அது அரை மணி நேர வேலை. ஆனால் அவர் வெட்டாமல் இருக்க வேண்டும்.

கோவைக் கவிதா

ஆரியா வேண்டாமா என்று அம்மாவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதற்கிடையில் இரண்டு குர்த்தியை மட்டும் முதலில் பிடிக்கக் கொடுத்தேன். சொன்னபடி "முடிவு அளவு 45, வெட்ட வேண்டாம், கை ஓரத்திலிருந்து ஒரே கோடு" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றுக்கு 60 ரூபாய். ஒன்று பிரமாதமாக வந்திருக்கிறது. இன்னொன்றில் கையைத் தூக்கினால் குர்த்தி மேலே போகிறது, நீங்கள் சொன்ன அதே கோளாறு. தோளில் பிடிக்கலாமா என்றால் அந்தக் குர்த்திக்குத் தோள் தையலே இல்லை. முன்னும் பின்னும் ஒரே துணியாக மடித்து வெட்டியிருக்கிறார்கள், கையும் சேர்ந்தே இருக்கிறது.

ஊசிநூல்

அது கஃப்தான் வெட்டு. அதற்கு ஆர்ம்ஹோலே தனியாகக் கிடையாது, ஏற்றவும் முடியாது. சைடில் போட்ட தையலைப் பிரித்துவிட்டுப் பழையபடி தளர்வாகவே போடுங்கள், இல்லை வீட்டில் நைட்டிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற குர்த்திகளைக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் தோள் தையல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

தேன்மொழி

இழை முழுவதும் இப்போதுதான் படித்தேன். எனக்கு எடை குறையவில்லை, ஆனாலும் அந்தக் கையைத் தூக்கும் சோதனையைச் செய்து பார்த்தேன். என் குர்த்தி எல்லாம் மேலே போகிறது. நான் சரியான அளவுதான் போடுகிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

ஊசிநூல்

தோளுக்குத் தோள் அளந்து போடுங்கள் தேன்மொழி, குர்த்தியிலும் உங்கள் முதுகிலும். மார்புக்குப் பார்த்து வாங்கினால் தோள் பெரிதாக வரும் உடம்பாக இருக்கலாம், அளவு தெரிந்தால் சொல்கிறேன்.